‘ஆள் இல்ல, 70 நிமிடம்’

பெங்களூரின் வடமேற்கே பீண்யாவில் உள்ள ஒரு சிறு பட்டறையில் ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது மெஷினுக்கு ஒன்றாக நான்கு தாள்கள் அலுவலக மேசைக்கு வருகின்றன. இரண்டு சி.என்.சி. கடைசல் இயந்திரங்கள், ஒரு மில்லிங் சென்டர், ஒரு உருளை கிரைண்டிங் இயந்திரம். இவற்றில் எது எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்பதை இயக்கியவரே கைப்பட எழுதிய பதிவுகள் அவை. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள்களைப் படித்துச் சனிக்கிழமைதோறும் ஒரே பக்கச் சுருக்கமாக முதலாளியின் முன் வைப்பது அங்கே கணக்கு பார்க்கும் பெண்ணின் வேலை.

அவர் வணிகவியல் பட்டதாரி. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் இந்தி என்று வளர்ந்ததால் தாள்களில் வரும் மூன்று எழுத்துகளையும் அவரால் படிக்க முடியும். அந்தப் பட்டறையில் இது சிறிய தகுதியன்று. காலை ஷிப்டின் மூத்த ஆப்பரேட்டர் ஹாசன் பக்கத்துக் கன்னடியர். மாலை ஷிப்டின் ஆப்பரேட்டர் ஐம்பதைத் தாண்டிய தருமபுரிக்காரர். மில்லிங் இயந்திரத்தில் பயிற்சி பெறும் இளைஞன் ஒடிசாவிலிருந்து வந்தவன். அவன் எழுதுவது இந்தி. தாளின் மேலே ஆங்கிலத்தில் அச்சிட்ட தலைப்புகள் இருந்தாலும், கீழே நிரம்புவது அவரவர் நாவில் புழங்கும் சொற்களே.

இரண்டாம் எண் கடைசல் இயந்திரம் பற்றிய வாரச் சுருக்கம் ஒன்றைப் பார்த்துத்தான் முதலாளி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்தச் சுருக்கம் இந்தப் பெண் தயாரித்ததன்று. அவருக்கு முன் அதே மேசையில் இருந்தவர், தமிழோ கன்னடமோ படிக்கத் தெரியாமல் பிறரிடம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போனது. அதன்படி காலை ஷிப்டின் பயன்பாடு 87 விழுக்காடு. மாலை ஷிப்டின் பயன்பாடு 75. மாலை ஷிப்டின் நின்ற நேரப் பட்டியலில் NO OPERATOR என்ற வரிசையில் 70 நிமிடம் இருந்தது. 80 விழுக்காட்டைத் தாண்டினால் ஊக்கத்தொகை என்பது அங்கே வழக்கம். தருமபுரிக்காரருக்கு அந்த மாதம் அது கிடைக்கவில்லை. அதைவிட, அவரை அந்த இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டு இளைஞர் ஒருவரைப் போடலாம் என்ற பேச்சும் எழுந்திருந்தது. மெஷினை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கோ போய்விடுகிறவரை எப்படி வைத்துக்கொள்வது என்பது முதலாளியின் கேள்வி.

புதிதாக வந்த பெண் அந்த வாரத்தின் மூலத் தாள்களைத் தேடி எடுத்தார். புதன்கிழமை மாலைத் தாளில் தமிழில் தெளிவாக எழுதியிருந்தது: ‘7.10 – 8.20, ஆள் இல்ல’. அவர் அதை எடுத்துக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போய்க் கேட்டபோது தருமபுரிக்காரர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதினது நான்தாம்மா. ஆனா ஆள் இல்லன்னா நான் இல்லன்னு அர்த்தமா? நான் இல்லன்னா இத யாரு எழுதுனது?”

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்று மாலை 6.20-க்கு ஒரு ஆர்டரின் கடைசிப் பீஸ் முடிந்தது. அடுத்த வேலைக்கான தாடைகளை மாற்றி, டூல்களைப் பொருத்தி, புரோகிராமைச் சரிபார்த்து, 7.10-க்கு அவர் முதல் பீஸை வெட்டி எடுத்துவிட்டார். முதல் பீஸைத் தர ஆய்வாளர் அளந்து கையெழுத்திட்ட பிறகே மீதி வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் பொது ஷிப்டில் வருபவர். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி செய்து, அவர் வந்து அளந்து சரி என்று சொன்னபோது மணி 8.20. அவர் எழுதிய ‘ஆள்’ தர ஆய்வு ஆள். இடம் தெரிந்தவனுக்கு அந்தச் சொல் போதுமானது. இடம் தெரியாத ஒருவர் அச்சிட்ட பட்டியலில் அதற்கு அருகில் இருந்த கட்டத்தைத் தேடியபோது NO OPERATOR அகப்பட்டது. எழுவாய் மறைந்த ஒரு தொடர், மொழிபெயர்ப்பில் தவறான எழுவாயைப் பெற்றுக்கொண்டது.

இயந்திரம் நின்றதற்கான காரணத்தை எழுதும் பத்திகளில் இது ஓயாமல் நிகழும். தமிழில் ‘நின்றது’ தன்வினை, ‘நிறுத்தினேன்’ பிறவினை. ஆப்பரேட்டர்கள் பெரும்பாலும் தன்வினையிலேயே எழுதுவார்கள். மெஷின் நின்றது, கரண்ட் போனது, வேலை இல்லை. யார் எதைச் செய்யாததால் நின்றது என்பது தாளில் இருக்காது. கன்னடத்தில் எழுதும் காலை ஆப்பரேட்டரின் தாள்களில் ‘கெலச இல்ல’ என்று அடிக்கடி வரும். வேலை இல்லை என்பதே பொருள். ஆனால் அது மூன்று வேறு நிலைமைகளைக் குறித்தது. ஆர்டரே இல்லாத நாளிலும் அவர் அப்படித்தான் எழுதினார். ஆர்டர் இருந்தும் அறுத்த கம்பி வந்து சேராத நாளிலும் அதேதான். கம்பியும் வந்து வரைபடம் வராத நாளிலும் அதேதான். சக்கில் மாட்ட ஒன்றும் இல்லை என்ற வகையில் மெஷினின் முன் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றே. முதலாளிக்கோ முதலாவது விற்பனைச் சிக்கல், இரண்டாவது கொள்முதல் சிக்கல், மூன்றாவது அலுவலகச் சிக்கல். ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்துவிட்டால் யாரை அழைத்துப் பேசுவது என்பது ஒருபோதும் தெரியாது.

எனவே அந்தப் பெண் முதலில் செய்தது, அந்த வாரத்து மாலை ஷிப்டின் ஆறு தாள்களையும் எழுத்துப்படி மீண்டும் படித்து, ஒவ்வொரு நிறுத்தத்தையும் ‘இதைத் தீர்க்கக்கூடியவர் யார்’ என்ற கேள்வியால் பிரித்தது. அப்படிப் பிரித்தபோது, முதல் பீஸ் ஒப்புதலுக்காகக் காத்திருந்த நேரம் நான்கு நாள்களில் இருந்தது. திங்களன்று 60 நிமிடம். அதை ஆப்பரேட்டர் ‘செட்டிங், பர்ஸ்ட் பீஸ் வெயிட்டிங்’ என்று சேர்த்து எழுதியிருந்தார். பழைய சுருக்கம் அதைச் செட்டிங்கில் சேர்த்துவிட்டது. புதனன்று 70, அது NO OPERATOR ஆனது. வியாழனன்று 45, ‘கியூ.சி. இல்லை’ என்றிருந்தது. சனியன்று 35, ‘சார் வரல’ என்றிருந்தது. பின்னிரண்டும் இதர காரணங்கள் என்ற வரிசையில் போய் விழுந்திருந்தன.

ஒரே காரணத்தை ஒருவர் நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார். சுருக்கத்தில் அது மூன்று வரிசைகளில் சிதறிவிட்டது. கூட்டினால் 210 நிமிடம். பழைய சுருக்கத்தில் மாலை ஷிப்டின் நின்ற நேரம் மொத்தம் 700 நிமிடம். அதில் செட்டிங் 260, டூல் மாற்றம் 130, மின்தடை 95, இதர 145, ஆள் இல்லாமை 70. இதைப் பார்க்கும் எவரும் செட்டிங் வேலையில் இவர் மெதுவானவர் என்றே நினைப்பார். மறுபடி பிரித்த பிறகு அதே 700 நிமிடம் வேறு முகம் காட்டியது. ஒப்புதலுக்குக் காத்திருப்பு 210, செட்டிங் 200, டூல் மாற்றம் 130, மின்தடை 95, வெட்டுச் சுருள் அகற்றிச் சுத்தம் செய்தல் 65. நான்கு வேலை மாற்றங்களுக்கு 200 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 50. அந்த வகை வேலைக்கு அது மெதுவன்று. முதலிடத்துக்கு வந்த காரணமோ பழைய சுருக்கத்தில் பெயரே இல்லாமல் இருந்தது.

இயந்திரப் பராமரிப்பு நூல்களில் ஜப்பானியர் சேய்ச்சி நகஜிமா வகுத்த ஆறு பெரும் இழப்புகள் என்ற பட்டியல் புகழ்பெற்றது. பழுது, செட்டிங்கும் சரிசெய்தலும், சிறு நிறுத்தங்கள், வேகக் குறைவு, குறைபாடுள்ள பொருள், தொடக்கக் கட்டக் கழிவு என்பவை அவை. பல பட்டறைகளின் தாள்கள் இந்தப் பட்டியலைத் தழுவியே அச்சாகின்றன. அந்தப் பட்டியல் இயந்திரத்தை நடுவில் வைத்து எண்ணியது. சிறு பட்டறையிலோ இயந்திரம் நல்ல நிலையில் இருக்க, ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு கம்பித் துண்டுக்காகவோ நிற்பது அன்றாடம் நடப்பது. அதற்குக் கட்டம் இல்லாத தாளில் அந்த நேரம் செட்டிங்காகவோ, இதரமாகவோ, ஒரு மனிதனின் குற்றமாகவோ மாறுகிறது.

இவ்வளவும் மாலை ஷிப்டின் கதை. 87 விழுக்காடு காட்டிய காலை ஷிப்டை யாரும் கேள்வி கேட்கவில்லை. நல்ல எண்ணை யாரும் சோதிப்பதில்லை. அந்தப் பெண் அதையும் சோதித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய வழி எளியது. நின்ற நேரத்தை ஆப்பரேட்டர் எப்படி எழுதினாலும், எத்தனை பீஸ்கள் வெளிவந்தன என்பது மறைக்க முடியாதது. எனவே பீஸ் எண்ணிக்கையை ஒரு பீஸுக்கான நேரத்தால் பெருக்கினால், மெஷின் உண்மையில் ஓடியிருக்க வேண்டிய நேரம் கிடைக்கும். தாளில் எழுதிய ஓட்ட நேரத்தோடு அதை ஒப்பிட வேண்டும்.

புதன்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஷிப்ட் எட்டரை மணி நேரம், 510 நிமிடம். உணவுக்கு 30, தேநீருக்கு இரு முறை பத்துப் பத்து நிமிடம் போக 460 நிமிடம் கிடைக்கும். இதுதான் பகுக்கும் எண். சிலர் 510-ஐ வைத்துப் பகுப்பார்கள். சிலர் மின்தடையையும் கழித்துவிட்டுப் பகுப்பார்கள். எதை வைத்தாலும் இரு ஷிப்டுகளுக்கும் ஒன்றையே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. அன்று இரு ஷிப்டிலும் ஓடிய வேலைகளுக்குத் தற்செயலாக ஒரே நேரம்தான். வெட்டும் நேரம் 3 நிமிடம் 15 நொடி. பீஸைக் கழற்றி மாட்ட 45 நொடி. ஆக 4 நிமிடம்.

மாலைத் தாளில் நின்ற நேரம் இப்படி இருந்தது. செட்டிங் 50, ‘ஆள் இல்ல’ 70, இன்செர்ட் மாற்றம் 25, மின்தடை 15, சுத்தம் செய்தல் 10, ஆக 170. மீதி ஓடியது 290 நிமிடம். பீஸ்கள் 72, நான்கால் பெருக்கினால் 288. தாளுக்கும் எண்ணிக்கைக்கும் இரண்டு நிமிட வேறுபாடு.

காலைத் தாளில் செட்டிங் 30, டூல் 30, ஓட்டம் 400. பயன்பாடு 87 விழுக்காடு. பீஸ்கள் 85, நான்கால் பெருக்கினால் 340. அறுபது நிமிடத்தைக் காணவில்லை. எண்ணிக்கைப்படி அன்றைய காலைப் பயன்பாடு 74 விழுக்காடு மட்டுமே.

வாரம் முழுவதற்கும், ஒவ்வொரு வேலைக்கும் அதனதன் பீஸ் நேரத்தைக் கொண்டு இதே கணக்கைப் போட்டபோது, காலை ஷிப்ட் தாளில் ஓடியது 2400 நிமிடம், எண்ணிக்கைப்படி ஓடியது 2070. மாலை ஷிப்ட் தாளில் 2060, எண்ணிக்கைப்படி 2040. ஆறு நாளுக்குக் கிடைத்த நேரம் 2760 நிமிடம். ஆகவே காலை 75 விழுக்காடு, மாலை 74. ஊக்கத்தொகையையும் ஒருவரின் வேலையையும் தீர்மானிக்க இருந்த பன்னிரண்டு புள்ளி வேறுபாடு, ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. கையெழுத்துக்குக் காத்திருந்த 210 நிமிடம் மட்டும் இல்லாதிருந்தால், தாளின்படி மாலை ஷிப்ட் 82 விழுக்காட்டை எட்டியிருக்கும்.

தாள்களைக் கண்ணால் பார்த்தே இதை ஓரளவு ஊகிக்கலாம். மாலைத் தாளில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கடிகாரப்படி இருந்தன. எழுத்து வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தது. இடையிடையே எண்ணெய் விரல் பட்டிருந்தது. நிகழ்ந்தபோதே எழுதியதன் அடையாளங்கள் அவை. காலைத் தாளில் நேரம் இல்லை. அளவு மட்டும் இருந்தது. எல்லாம் முப்பது, அறுபது, தொண்ணூறு. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஷிப்ட் முடிந்து கை கழுவிய பிறகு நினைவிலிருந்து எழுதிய தாள் அப்படித்தான் இருக்கும். நினைவு பெரிய நிறுத்தங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் நின்றதை விட்டுவிடும்.

இந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு; அவற்றைக் கடக்காமல் அந்தப் பெண் முதலாளியிடம் போகவில்லை. பீஸ் நேரம் என்று அலுவலகக் கோப்பில் இருப்பது விலைப்புள்ளி கொடுத்தபோது எழுதியதாக இருக்கலாம். கடினமான கம்பி வந்தாலோ, இன்செர்ட் சீக்கிரம் தேய்ந்தாலோ, ஆப்பரேட்டர் ஊட்ட வேகத்தைத் திருகி 80 விழுக்காட்டுக்குக் குறைத்திருப்பார். அப்போது மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பீஸ்கள் மட்டும் குறையும். எண்ணிக்கைக் கணக்கு அதை நின்ற நேரம் போலக் காட்டிவிடும். ஆகவே அவர் இரு ஷிப்டிலும் இயந்திரத்தடியில் நின்று, தொடர்ந்து ஐந்து பீஸ்களுக்குக் கடிகாரம் பிடித்தார். கட்டுப்பாட்டுத் திரையில் CYCLE TIME, PARTS COUNT என்று தோன்றும் எண்களையும் குறித்துக்கொண்டார். PARTS COUNT புரோகிராமின் இறுதியில் `M30` வரும்போது ஒன்று கூடும். காற்றில் ஓட்டிப் பார்க்கும் வெள்ளோட்டத்தையும் அது ஒரு பீஸாக எண்ணிவிடும். அதைக் கழிக்க வேண்டும். கழிவான பீஸ்களைக் கழிக்கக் கூடாது. கெட்டுப்போன பீஸுக்கும் மெஷின் ஓடத்தான் செய்தது. அது தரக் கணக்கில் வர வேண்டியது, பயன்பாட்டுக் கணக்கில் அன்று. இவற்றைச் சரிபார்த்த பிறகும் பீஸ் நேரம் இரு ஷிப்டிலும் நான்கு நிமிடத்தை ஒட்டியே இருந்தது.

காலை ஆப்பரேட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. பொய் எழுதினேன் என்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. அந்த 60 நிமிடம் எங்கே போனது என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் மில்லிங் இயந்திரத்தின் பக்கம் கையைக் காட்டினார். ஒடிசாவிலிருந்து வந்த பயிற்சியாளன் காலை ஷிப்டில்தான் இருக்கிறான். வேலைத்துண்டை வைஸில் பிடிக்கவும், டூல் நீளம் எடுக்கவும், அலாரம் வந்தால் நீக்கவும் அவன் அழைப்பது இவரைத்தான். ஒரு நாளில் எட்டு முறையோ பத்து முறையோ இவர் தம் மெஷினில் பீஸ் முடிந்து கதவு திறந்து கிடக்க, அங்கே போய்விடுவார். ஒவ்வொரு முறையும் நான்கைந்து நிமிடம். அதை எழுத தாளில் கட்டம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு மேற்பார்வையாளர், தேவையில்லாததையெல்லாம் எழுதித் தாளை அசிங்கமாக்காதே என்று சொல்லியிருந்தார். அன்று முதல் அவர் கட்டம் இருப்பதை மட்டுமே எழுதுகிறார்.

ஆக, ஒருவரின் தாள் அவரை இல்லாதவராக்கியது. மற்றவரின் தாள் அவர் செய்த உதவியை இல்லாததாக்கியது. இருவருமே கேட்டதைத்தான் எழுதினார்கள்.

முதலாளி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்போ ரெண்டு பேர்ல யாரு சரியில்லை?” என்பது. எண்கள் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் மனம் மனிதர்களைத்தான் ஒப்பிடும். அந்தப் பெண், “சார், ஆறு மணிக்கு மேல கையெழுத்துப் போட யாரும் இல்லை. அதுதான் சரியில்லை” என்றார்.

அதற்கு அடுத்த வாரங்களில் செய்த மாற்றங்கள் சிறியவை. மாலை ஷிப்டில் வரவிருக்கும் வேலை மாற்றத்தை ஆய்வாளர் இருக்கும் ஆறு மணிக்கு முன்னரே முடிக்கும்படி காலையிலேயே வரிசையை மாற்றி அமைத்தார்கள். அப்படி முடியாத வேலைகளில் சிலவற்றுக்கு, முதல் பீஸைத் தருமபுரிக்காரரே அளந்து தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். 25 மில்லிமீட்டர் துளைக்கு வரைபடம் H7 கேட்டால், துளை 21 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும்; ஒருபக்கம் போக வேண்டிய, மறுபக்கம் போகக் கூடாத பிளக் கேஜ் ஒன்றும் துளையளக்கும் டயல் கேஜும் அதற்குப் போதும். அவர் அளந்த முதல் பீஸ் ஒரு சீட்டோடு தனியே வைக்கப்படும். காலையில் ஆய்வாளர் அதை மறுபடி அளப்பார். இரு விட்டங்களும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்பது போன்றவற்றைக் கேஜால் அறிய முடியாது. ஆய்வு மேசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவற்றுக்கு மட்டும் பழைய விதியே நீடிக்கிறது. ஏனென்றால் முதல் பீஸில் உள்ள தவறு இரவு முழுதும் வெட்டிய பீஸ்கள் அனைத்திலும் இருக்கும். ஒரு மணி நேரம் காத்திருப்பது அந்த இழப்பைவிட மலிவு.

தாளும் மாறியது. காரணங்களின் பட்டியல் ஒன்பது வரிசைகளாகச் சுருங்கியது; ஒவ்வொன்றும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அச்சாகிறது. வரிசைகளின் பெயர்களை ஆப்பரேட்டர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தார்கள். ‘ஆள் இல்லை’ என்ற வரிசை மூன்றாகப் பிரிந்தது: ஆப்பரேட்டர் இல்லை, ஆய்வாளர் இல்லை, பராமரிப்பு ஆள் இல்லை. ‘வேலை இல்லை’ என்பதும் ஆர்டர் இல்லை, கம்பி வரவில்லை, வரைபடம் வரவில்லை என்று மூன்றானது. ‘அடுத்த மெஷினில் உதவி’ என்ற புதிய வரிசை வந்தது. அளவை மட்டும் எழுதும் பத்தி போய், தொடக்கமும் முடிவும் எழுதும் பத்தி வந்தது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்களுக்கு நேரம் எழுத வேண்டாம். ஒரு கோடு போட்டால் போதும். ஒவ்வொரு மூன்று நிமிட நிறுத்தத்துக்கும் பேனா எடுக்கச் சொன்னால், இரண்டாம் வாரத்திலேயே தாள் மறுபடி நினைவிலிருந்து எழுதப்படும்.

புதிய தாளின் முதல் முழு வாரத்தில் காலை ஷிப்டின் பயன்பாடு தாளிலும் 76 விழுக்காடாக இறங்கியது. முதலாளி திடுக்கிட்டார். உற்பத்தி குறையவில்லை, பீஸ் எண்ணிக்கை சென்ற மாதத்தைப் போலவே இருக்கிறது, குறைந்தது தாளின் அழகு மட்டும்தான் என்று அந்தப் பெண் எண்ணிக்கைப் பத்தியைக் காட்டினார். உதவி என்ற வரிசையில் அந்த வாரம் 205 நிமிடம் இருந்தது. பயிற்சியாளனுக்கு யாராவது கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு ஆகும் நேரம் மூன்றரை மணி என்று பட்டறைக்கு முதல் முறையாகத் தெரிந்தது. ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போது அந்த நேரத்தையும் ஒப்புதலுக்குக் காத்த நேரத்தையும் ஆப்பரேட்டரின் மேல் ஏற்றுவதில்லை என்று முடிவாயிற்று. தருமபுரிக்காரரை மாற்றும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பிடித்து வைத்த ஒரு மாத ஊக்கத்தொகை மட்டும் திரும்பி வரவில்லை. முடிந்த மாதத்தின் கணக்கை மறுபடி திறப்பதில்லை என்றார் முதலாளி.

சுருக்கத்தின் கடைசி வரிசை ‘கணக்கில் வராதது’. தாளில் எழுதிய ஓட்ட நேரத்திலிருந்து எண்ணிக்கைப்படி கிடைத்த ஓட்ட நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது அது. காலை ஷிப்டில் இப்போதும் வாரத்துக்கு நூறு நிமிடம் அளவில் அந்த வரிசையில் நிற்கிறது. அதைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று முதலாளி ஒருமுறை சொன்னார். பூஜ்யமாக்குவது மிக எளிது சார், எழுதுகிறவர்களிடம் சொன்னால் போதும், அடுத்த வாரமே பூஜ்யமாக எழுதித் தருவார்கள் என்றார் அந்தப் பெண். அந்த வரிசை அப்படியே இருக்கிறது.